வேண்டுகோளா, கட்டளையா? பெருநாள் நேரத்தில் கூடுதல் வேலை கேட்கும் முறை



சென்ற ஆண்டு ரமலானில் நமது அறக்கட்டளையின் தையல் கூடத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதை மறைக்காமல் எழுதுகிறோம். நம் ஊரில் ஜவுளிக்கடை, தையல் கடை, ஹோட்டல், பேக்கரி நடத்தும் குடும்பங்கள் பல. அங்கே வேலைக்குப் போகும் குடும்பங்கள் அதைவிட அதிகம். இரண்டு தரப்புக்கும் இது பயன்படும்.

பெருநாள் ஆர்டர் குவிந்திருந்த நேரம் அது. கூடத்தின் மேற்பார்வையாளர், தையல் சகோதரிகள் எட்டுப் பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், நோன்பு திறந்தபின் 7 மணியிலிருந்து 9 மணி வரை இருக்க முடிந்தவர்கள் சொல்லுங்கள், கட்டாயம் இல்லை என்று செய்தி போட்டார். பத்து நிமிடத்தில் ஐந்து பேர் சரி என்றார்கள். மற்ற மூவரும் சற்று நேரம் பொறுத்து அதையே சொன்னார்கள். எல்லோரும் மனமுவந்து ஒத்துழைத்தார்கள் என்று நிர்வாகக் கூட்டத்தில் பெருமையாகப் பேசினோம்.

பெருநாள் முடிந்ததும் ஒரு சகோதரி வேலைக்கு வரவில்லை. கணவரை இழந்தவர், ஏழு வயதில் ஒரு மகன். மகளிர் குழுவினர் வீட்டுக்குப் போய் விசாரித்தார்கள். அந்தப் பத்து இரவும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல், அன்றும் வந்திருக்கிறார். "முடியாது என்று சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில்: "எப்படிம்மா சொல்றது? நோன்புக்கு அரிசி, சாமான் கிட்டு நீங்கதான் தர்றீங்க. பையன் ஸ்கூல் ஃபீஸும் நீங்கதான் கட்டுறீங்க. வேலையும் உங்க வேலை. முடியாதுன்னு சொன்னா அதெல்லாம் வருமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கிட்டை நிறுத்தும் எண்ணம் எங்களில் எவருக்கும் கனவிலும் இல்லை. ஆனால் அது எங்களுக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. "கட்டாயம் இல்லை" என்று எழுதிய வார்த்தையை அவர் நம்பும்படி நாங்கள் எதுவும் செய்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் பரீரா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி எங்கள் நினைவுக்கு வந்தது. அடிமையாக இருந்த அவர் விடுதலை பெற்றதும், அடிமையாகவே இருந்த தம் கணவர் முஃகீஸ் (ரலி) அவர்களைவிட்டுப் பிரிய முடிவு செய்தார். முஃகீஸ் அழுதுகொண்டே மதீனாவின் தெருக்களில் அவர் பின்னால் நடந்தார். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவரிடம் திரும்பிச் செல்லலாமே என்று பரீராவிடம் எடுத்துச் சொன்னார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் செய்கிறேன் என்றார்கள் நபியவர்கள். அப்படியானால் எனக்கு அவர் வேண்டாம் என்று பரீரா கூறிவிட்டார். அதற்காக அவர் மீது எந்தக் குறையும் சொல்லப்படவில்லை.

கேட்டவர் அல்லாஹ்வின் தூதர், மறுத்தவர் நேற்றுவரை அடிமையாக இருந்த ஒரு பெண். அவரால் மறுக்க முடிந்தது. கட்டளையா, பரிந்துரையா என்ற கேள்விக்கு நேரடியான பதில் கிடைத்தது. மறுத்தபின் எதுவும் குறையவில்லை. வேண்டுகோள் என்றால் இந்த இரண்டும் இருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் இரண்டுமே இல்லை.

அதனால் இந்த ஆண்டு முறையை மாற்றினோம். என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

முதல் வேலை, கேட்பதற்கு முன்பே கணக்குப் போட்டது. கூடத்தின் நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு. அதாவது நாளுக்கு 8 மணி நேரம், வாரம் 48. எட்டுப் பேர் இரண்டு வாரத்தில் சுமார் 760 சிறுவர் ஜிப்பா தைக்க முடியும். கடைக்காரர் கேட்டது 820. ஒரு ஜிப்பாவுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 60 மணி நேரம் குறைகிறது.

உடனே சகோதரிகளிடம் போகவில்லை. எல்லோரும் முடியாது என்று சொன்னால் இந்த 60 ஜிப்பாவை என்ன செய்வது என்பதை முதலில் முடிவு செய்தோம். வெளியே தைக்கும் ஒருவரிடம் கூலி பேசி வைத்தோம். அவராலும் முடியாத மீதியைப் பெருநாளுக்குப் பிறகு தருவதற்குக் கடைக்காரரிடம் ஒப்புதல் வாங்கினோம். இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். மறுப்பைத் தாங்க வழி இல்லாதவர் எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், அவருடைய முகமும் குரலும் அவசரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி வேறு வழியே இல்லாத வேலை என்றால், அந்த ஆர்டரை ஒப்புக்கொண்டதே தவறு. அதன் சுமையைத் தொழிலாளியின் தலையில் வைக்கக் கூடாது.

அடுத்தது எல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இதில் தெளிவாக இருக்கிறது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல், ஒரு வாரத்தில் 54 மணி நேரத்துக்கு மேல் ஒருவரை வேலை வாங்கக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும். தொழிலாளியே சம்மதித்தாலும் இந்த எல்லை மாறாது. எங்கள் கூடத்தில் நாள் கூலி 560 ரூபாய். மணிக்கு 70 ஆகிறது. ஆகவே கூடுதல் நேரத்துக்கு மணிக்கு 140. ஒருவர் வாரத்தில் 6 மணி நேரம்தான் கூடுதலாகச் செய்யலாம். நாளுக்கு இரண்டு மணி என்றால் மூன்று நாள். நேரத்தை இரவிலிருந்து காலை 7 முதல் 9 வரை என்று மாற்றினோம். தராவீஹும் பிள்ளைகளின் இரவும் அதனால் தப்பின.

பிறகு கேட்டோம். வாட்ஸ்அப் குழுவில் கேட்கவில்லை. அங்கே முதல் ஐந்து பேர் சரி என்றதும் ஆறாமவருக்கு வழி அடைத்துவிடுகிறது. எட்டுப் பேருக்கும் ஒரே கடிதம் கொடுத்தோம்:

"ரமலான் பிறை 8 முதல் 21 வரை காலை 7 முதல் 9 வரை கூடுதலாகத் தைக்க விரும்புவோர் உண்டா என்று கேட்கிறோம். வாரம் அதிகபட்சம் மூன்று நாள். மணிக்கு 140 ரூபாய், அந்த வாரக் கூலியோடு கையில் தரப்படும். இது வேண்டுகோள் மட்டுமே. எவரும் வராவிட்டால் வேலையை வெளியே கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டோம். உங்கள் பதிலுக்கும் பெருநாள் போனஸ், முன்பணம், நோன்பு கிட்டு, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காரணம் சொல்ல வேண்டாம். இணைத்துள்ள சீட்டில் ஆம் அல்லது இல்லை என்று குறித்து, மடித்து, வியாழக்கிழமைக்குள் அலுவலகக் கணக்கரிடம் கொடுங்கள். சீட்டு வராவிட்டால் இல்லை என்றே கொள்வோம். ஆம் என்றவர்கள் முந்தைய நாள் சொல்லிவிட்டு எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்."

கிட்டும் கல்வி உதவியும் வேலைக்கு வெளியே உள்ளவை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பொதுவாக "எந்தப் பாதிப்பும் இல்லை" என்றால், பயப்படுபவர் தன் பயம் அதில் அடங்குமா என்று தெரியாமல் நிற்பார். உங்கள் கடையில் அது முன்பணமாக இருக்கலாம். இருபதாயிரம் கடன் வாங்கியிருக்கும் பையனிடம் "இருக்கியாப்பா?" என்று கேட்டால், அவன் காதில் கடன்தான் விழும். அந்தக் கடனை நீங்களே வாய்விட்டு விலக்கிச் சொல்ல வேண்டும்.

மேற்பார்வையாளர் சொல்லக் கூடாதவை என்று சிலவற்றையும் பேசி முடித்தோம். "எல்லோரும் இருக்காங்க, நீங்க மட்டும்தான்" என்று சொல்லக் கூடாது. எட்டுப் பேரில் இருவர் பிறமதச் சகோதரிகள். "உங்களுக்குத்தான் நோன்பு இல்லையே" என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. "இது ஸவாபான காரியம்" என்று கூலி வேலைக்கு மறுமையின் நன்மையைத் தூண்டிலாக்கக் கூடாது. இல்லை என்றவரிடம் இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

நான்கு பேர் ஆம் என்றார்கள். மூவர் இரண்டு வாரமும் முழுமையாக, தலா 12 மணி நேரம். ஒருவர் 8 மணி நேரம் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. மொத்தம் 44 மணி நேரம், கூலி 6,160 ரூபாய். மீதி 16 ஜிப்பாக்கள் வெளியே தைக்கப்பட்டன. கடைக்காரருக்கு எல்லாம் நேரத்தில் போய்ச் சேர்ந்தன. சென்ற ஆண்டு எட்டுப் பேரும் சரி என்றார்கள், இந்த ஆண்டு நான்கு பேர். அந்த வித்தியாசம்தான் சென்ற ஆண்டு நாங்கள் அறியாமல் கொடுத்த அழுத்தத்தின் அளவு.

இந்த முறையால் எல்லாம் சரியாகிவிடாது. காலையில் யார் வருகிறார், யார் வரவில்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதை மறைக்க முடியாது. முடிவெடுக்கும் நேரத்தில் மட்டும் எவர் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பணத்தேவை உள்ளவர் உடம்பு முடியாமலும் ஆம் என்பார். வாரத்துக்கு 6 மணி நேரம் என்ற எல்லை அவருக்குத்தான் அதிகம் தேவை.

இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் சிறு கடையில் கடிதமும் சீட்டும் தேவைப்படாது. ஆனால் நின்ற இடத்தில் பதில் கேட்காதீர்கள். "முடியலன்னா வேற ஏற்பாடு இருக்கு, நாளைக்குச் சொல்லுப்பா" என்று ஓர் இரவு கொடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைப் பெருநாள் அன்று கூடுதல் நேரம் இருக்கச் சொல்வதும் இதே கணக்குத்தான். தொகையை முன்பே சொல்லுங்கள். அவர் இல்லாமலும் சமாளிக்க வழி செய்துவிட்டுக் கேளுங்கள்.

உங்கள் இடத்தில் அழுத்தம் இருக்கிறதா என்று அறிய, சென்ற ஒரு வருடத்தில் கூடுதல் வேலைக்கு இல்லை என்று சொன்னவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பெயரும் நினைவுக்கு வராவிட்டால், அங்கே கேட்கப்பட்டது வேண்டுகோளாக இருந்திருக்க வாய்ப்பில்லை. முன்பணம் வாங்கியவர்கள் மட்டும் எப்போதும் ஆம் என்றிருந்தால், காரணம் உங்களுக்கே புரியும்.

வேலைக்குப் போகும் சகோதர சகோதரிகள் பரீரா (ரலி) கேட்ட கேள்வியை மரியாதையாகக் கேட்கலாம்: "இது கட்டாயமா, இல்லை கேட்கிறீங்களா?" அப்படிக் கேட்பது ஒழுங்கீனம் அல்ல. முதலாளிகள் அதற்கு உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும்.

விலகிப்போன சகோதரியின் வீட்டுக்கு இந்த ஆண்டும் ஷஃபானிலேயே கிட்டு போனது. மகனின் கட்டணமும் கட்டப்பட்டுவிட்டது. வேலைக்குத் திரும்பி வருமாறு நாங்கள் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.