ஆடிட்டருக்குப் போகும் பில்லில் எதை மறைப்பது, எப்படி மறைப்பது

வெளி ஆடிட்டர் அலுவலகத்திடம் கணக்கை ஒப்படைத்திருக்கும் கடைகளிலிருந்து கொள்முதல் பில், விற்பனை பில், கூலி பில் எல்லாம் மாதாமாதம் அங்கே போகின்றன. இப்போது பெரும்பாலும் அவை பி.டி.எஃப். ஆகவோ கைபேசிப் படமாகவோ வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்படுகின்றன. போன இடத்தில் உதவியாளர்கள், பயிற்சி மாணவர்கள் என்று பலர் கைபட்டு, பல கணினிகளில் நகலாகத் தங்கிவிடுகின்றன. ஒரு பில்லில் வரிக் கணக்குக்கு வேண்டிய தொகையும் தேதியும் மட்டும் இருப்பதில்லை. வாடிக்கையாளரின் வீட்டு முகவரி, கைபேசி எண், விற்றவரின் வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, பணம் செலுத்தும் க்யூஆர் கட்டம், கையெழுத்து ஆகியவையும் இருக்கின்றன. இவற்றில் கணக்கு எழுத வேண்டாதவற்றை நகலிலிருந்து நீக்கிவிட்டு அனுப்புவதே பில்லை மறைத்துக் கொடுப்பது.

கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் தெரிந்ததாலேயே ஒருவர் பணத்தை எடுத்துவிட முடியாது. பணம் போடத்தான் அவை பயன்படும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முழு பில் ஒன்று கைக்குக் கிடைத்தால், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், பில்லின் அமைப்பு எப்படி இருக்கும், யார் கையெழுத்திடுகிறார் என்பதெல்லாம் மோசடிக்காரருக்குத் தெரிந்துவிடும். அதே போன்ற பில்லில் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்” என்று வாங்கியவருக்கு அனுப்பிவிடுவார். பழைய கணக்கு எண்ணையும் சரியாகக் குறிப்பிட்டால் வாங்கியவர் எளிதில் நம்பிவிடுவார். வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், வாங்கிய பொருள் மூன்றும் சேர்ந்து கிடைத்தால், “உங்கள் ஏ.சி.க்கு வாரண்டி பதிவு செய்ய வேண்டும்” என்று அழைத்து ஏமாற்றவும் வழி கிடைக்கும்.

மறைப்பதற்கு எல்லை உண்டு. கம்பெனிகளின் சட்டபூர்வ ஆடிட்டருக்கு, கணக்குப் புத்தகங்களையும் வவுச்சர்களையும் எந்த நேரமும் பார்க்கும் உரிமையை 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 143-ஆவது பிரிவு தந்திருக்கிறது. அவர் மூலப் பில்லைக் கேட்டால் காட்டியே ஆக வேண்டும். வரித்துறை அதிகாரியின் தணிக்கையிலும் மூலப் பில்தான் செல்லும். எனவே மறைப்பது அலுவலகத்தை விட்டு வெளியே போகும் நகலில் மட்டுமே. மூலப் பில்லில் ஒரு புள்ளியையும் தொடக்கூடாது.

எதை விடுவது, எதை மறைப்பது என்பதை அந்த நகலை வைத்து ஆடிட்டர் செய்யப்போகும் வேலைதான் முடிவு செய்யும். வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றின் இரண்டு பில்களை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

முதலாவது விற்பனை பில். தமிழ்நாட்டிலேயே இருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஏ.சி. விற்கப்பட்டிருக்கிறது. விலை 50,000 ரூபாய், மத்திய ஜி.எஸ்.டி. 4,500, மாநில ஜி.எஸ்.டி. 4,500, ஆக மொத்தம் 59,000. வரியில் பதிவு செய்யாத ஒருவருக்கு 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளை விற்றால், அவருடைய பெயரும் முகவரியும் பில்லில் இருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி. மூலப் பில்லில் அவை இருக்கத்தான் செய்யும். ஆனால் மாதாந்தர விற்பனை அறிக்கையில் இத்தகைய உள்மாநில விற்பனைகள் வரி விகித வாரியாக மொத்தத் தொகையாகவே சேர்க்கப்படுகின்றன. வாடிக்கையாளரின் பெயரை அதில் எங்கும் நிரப்புவதில்லை. ஆகவே ஆடிட்டருக்குப் போகும் நகலில் பெயர், கதவு எண், தெரு, கைபேசி எண் நான்கையும் நீக்கலாம். பில் எண், தேதி, பொருளின் ஹெச்.எஸ்.என். குறியீடு, தொகை, வரி ஆகியவற்றை விட வேண்டும். மாநிலத்தின் பெயரையும் நீக்கக்கூடாது. மத்திய, மாநில வரிகளாகப் பிரிப்பதா, ஒருங்கிணைந்த வரியாகப் போடுவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

வாங்கியவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரியாக இருந்தால் நிலைமை வேறு. அவருடைய பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் அறிக்கையில் ஏற வேண்டியவை. மறைத்தால் அவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காமல் போகும். இங்கே பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. 15 எழுத்துகள் கொண்ட ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இடங்கள் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 இடங்கள் அந்த வியாபாரியின் பான் எண்ணேதான். ஜி.எஸ்.டி. எண்ணை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் பான் எண்ணை மட்டும் அடித்து மறைப்பதால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது கூலி பில். ஏ.சி. பொருத்தித் தரும் தொழிலாளி ஒருவர் 36,000 ரூபாய்க்கு பில் கொடுத்திருக்கிறார். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டுவதால், வரிப் பிடித்தம் செய்யக் கடமைப்பட்ட கடைக்காரர் 1 சதவீதமான 360 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 35,640 ரூபாயை வங்கி வழியாக அனுப்புகிறார். பிடித்த வரியை ஆடிட்டர் அறிக்கையில் காட்ட, தொழிலாளியின் பெயரும் பான் எண்ணும் கட்டாயம் தேவை. பான் எண்ணை மறைத்துவிட்டால் அந்த வரி தொழிலாளியின் கணக்கில் வரவு ஆகாது. ஆனால் அவருடைய வீட்டு முகவரி, கைபேசி எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, க்யூஆர் கட்டம் இவற்றுக்கு ஆடிட்டரிடம் வேலை இல்லை.

கணக்கு எண்ணை முழுவதும் அழிக்காமல் கடைசி நான்கு இலக்கங்களை விட்டுவைப்பது நல்லது. XXXXXXXX4417 என்று இருந்தால், வங்கிப் பரிமாற்ற எண்ணோடு சேர்த்து, 35,640 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் போனது என்று ஆடிட்டர் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இன்னொரு பயனும் இருக்கிறது. வெவ்வேறு பெயரில் வரும் இரண்டு பில்களின் பணம் ஒரே கணக்குக்குப் போவதும், ஊழியர் ஒருவரின் கணக்குக்குப் போவதும் போலி பில்லின் பழைய அடையாளங்கள். கடைசி இலக்கங்கள் ஒத்துப்போனால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும். கடைக்கு வந்து மூலப் பில்லைப் பார்ப்பார். எல்லாவற்றையும் அழித்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

அடுத்தது மறைக்கும் முறை. தவறு அதிகம் நடப்பது இங்கேதான். பி.டி.எஃப். பில்லைத் திறந்து கணக்கு எண்ணின் மேல் கருப்புக் கட்டம் வரைந்து சேமித்தால், கண்ணுக்கு மறைந்துவிடும். ஆனால் எழுத்து கோப்புக்குள் கட்டத்தின் அடியில் அப்படியே கிடக்கும். அந்த இடத்தை மவுஸால் தேர்ந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் எண் முழுதாக வந்துவிடும். 2019 ஜனவரியில், அமெரிக்க அரசியல் ஆலோசகர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் கருப்பாக்கிய பகுதிகளைச் செய்தியாளர்கள் படித்தது இந்த வழியில்தான்.

கைபேசிப் படத்தில் வேறு சிக்கல்கள். மார்க்கர் கருவியின் மை பாதி ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. நாலைந்து முறை தேய்த்தால் கருப்பாகத் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் எழுந்து வந்துவிடும். கட்டம் கட்டமாக மங்கலாக்குவதும் எண்களுக்குப் போதாது, ஏனென்றால் பத்து இலக்கங்களில் எது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். எக்செல் பட்டியலாக அனுப்பும்போது கைபேசி எண் நெடுவரிசையை மறைத்துவைப்பதும் மறைப்பாகாது. பெறுபவர் இரண்டு சொடுக்கில் அதைத் திறந்துகொள்வார். அந்த நெடுவரிசையையே நீக்க வேண்டும்.

க்யூஆர் கட்டம் எல்லாவற்றையும்விட எளிதில் தப்பிவிடுகிறது. கணக்கு எண்ணைக் கவனமாக நீக்கியவர்கள்கூட பில்லின் மூலையில் இருக்கும் யு.பி.ஐ. கட்டத்தை விட்டுவிடுகிறார்கள். அதை எந்தக் கைபேசியில் காட்டினாலும் இப்படி ஒரு வரி கிடைக்கும்:

```
upi://pay?pa=9XXXXXXXXX@xyz&pn=NAME&cu=INR
```

pa என்பதற்குப் பின்னால் இருப்பது பணம் பெறுபவரின் யு.பி.ஐ. முகவரி. பலருக்கு அது கைபேசி எண்ணாகவே இருக்கும். pn என்பது அவர் பெயர். இ-இன்வாய்ஸில் இருக்கும் அரசு க்யூஆர் வேறு வகை. அதில் இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண்கள், பில் எண், தேதி, தொகை போன்றவைதான் உள்ளன, வங்கி விவரம் இல்லை. பில் உண்மையானதா என்று ஆடிட்டர் சரிபார்க்க அது தேவை. அதை நீக்கக்கூடாது.

நம்பகமான வழிகள் மூன்று. சொந்தக் கடையின் பில்லாக இருந்தால், பில் மென்பொருளின் அச்சு அமைப்பில் வங்கி விவரத்தையும் கைபேசி எண்ணையும் நீக்கி ஆடிட்டருக்கென்று தனி நகல் எடுப்பது முதல் வழி. பிறர் கொடுத்த பி.டி.எஃப். பில்லுக்கு, எழுத்தைக் கோப்பிலிருந்தே நீக்கும் கருவி வேண்டும். கட்டண மென்பொருளான அக்ரோபாட் ப்ரோவில் Redact கருவி இருக்கிறது. இடத்தைக் குறித்தபின் Apply கொடுத்தால்தான் நீங்கும். இலவசமான லிப்ரே ஆபிஸிலும் Tools பட்டியலில் Redact உண்டு. அது பக்கத்தைப் படமாக மாற்றி, மறைத்தபின் புதிய பி.டி.எஃப். தரும். மூன்றாவது வழி காகிதத்துக்கு. தாளில் மார்க்கரால் அடித்தால் வெளிச்சத்தில் பிடிக்கும்போது எழுத்து தெரியும். அந்த இடத்தில் கனமான காகிதத் துண்டை வைத்து ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மட்டும் கொடுப்பது பாதுகாப்பானது.

அனுப்புமுன் ஒரு நிமிடச் சோதனை போதும். கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். நீக்கிய எண் அங்கே வந்தால் மறைப்பு தோற்றது என்று பொருள். ஸ்கேன் செய்த பில்லுக்கும் இந்தச் சோதனை தேவை. பல ஸ்கேன் செயலிகள் படத்துக்குப் பின்னால் தேடக்கூடிய எழுத்து அடுக்கு ஒன்றைச் சேர்த்துவிடுகின்றன. பிறகு கைபேசியால் க்யூஆர் ஏதும் படிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகக் கோப்பின் பெயர். உள்ளே எல்லாம் நீக்கிவிட்டு, வாடிக்கையாளர் பெயரையும் கைபேசி எண்ணையும் கோப்புக்குப் பெயராக வைத்து அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. பில் எண்ணையே பெயராக வைத்தால் சிக்கல் இல்லை.

டிஜிட்டல் கையெழுத்திட்ட பி.டி.எஃப். பில்லில் எதை நீக்கினாலும் அந்தக் கையெழுத்து செல்லாது. அதனால் மறைத்த நகலைத் தனிக் கோப்பாகவே சேமிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் பில்களையும் அந்த ஆண்டின் வருடாந்தர அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அது மூலப் பில்லுக்குத்தான் பொருந்தும். மூலத்தின் மேல் மறைத்த நகலைச் சேமித்துவிட்டவர், நாளை அதிகாரி கேட்கும்போது காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பார்.

பட்டயக் கணக்காளர்கள் வாடிக்கையாளரின் தகவலை அனுமதியின்றி வெளியிட்டால் அது தொழில் ஒழுங்கீனம் என்று 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர்கள் சட்டம் சொல்கிறது. பகுதி நேரமாகக் கணக்கு எழுதித் தரும் எல்லோருக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் சார்பில் வேறொருவர் தரவைக் கையாண்டாலும் அதைச் சேகரித்தவரே பொறுப்பு என்கிறது. ஆகவே ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டு, எந்த வகை பில்லில் எந்த விவரம் வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டியலில் உள்ளதை மட்டும் அனுப்பி, மற்றதை அவர் கேட்கும்போது கடையிலேயே மூலப் பில்லில் காட்டுவதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.