டியூப் உள்ள டயரா, டியூப் இல்லாத டயரா?

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. சேலைக் கட்டையும் காய்கறி மூட்டையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்பவர்கள், டியூப்லெஸ் டயருக்கு மாறினால் லாபமா என்று அறிய விரும்புகின்றனர். வண்டியின் சக்கரத்தைப் பாராமல் இதற்கு விடை கூறுதல் இயலாது.

முதலில், ஆணி ஏறினால் நிகழ்வது யாதெனப் பார்ப்போம். டியூப் உள்ள சக்கரத்தில் காற்றைத் தாங்குவது மெல்லிய ரப்பர்ப் பை. அது துளைபட்டதும், காற்று டயருக்கும் டியூபுக்கும் இடையே பரவி, ரிம்மிலுள்ள வால்வுத் துவாரத்தின் வழியாகவும் ஆரைக்கம்பித் துவாரங்களின் வழியாகவும் விரைவில் வெளியேறிவிடும். பின்சக்கரத்தில் சுமையிருக்கையில் இவ்வாறு நேர்ந்தால் வண்டி அலைந்து, விழும் அபாயமும் உண்டு. காற்றிறங்கிய பின்னும் ஓட்டினால், டியூப் வால்வின் அடியில் கிழிந்துவிடும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டுப் போட இயலாது. புது டியூபே வாங்க வேண்டும்.

டியூப் இல்லாத டயரிலோ, காற்றைத் தாங்குவது டயரின் உட்புறத்திலுள்ள காற்றுப்புகா ரப்பர்ப் படலம். டயரின் விளிம்பு ரிம்மில் இறுகப் பதிந்து காற்றை அடைக்கிறது. குத்திய ஆணியே துளையை ஓரளவு மூடி நிற்பதால் காற்று மெதுவாகக் கசிகிறது. ஆகவே ஆணியைக் கண்டவுடன் வழியில் பிடுங்கிவிடலாகாது. காற்று மிச்சமிருக்குமாயின், மெதுவாக ஓட்டிக் கடையை அடைவதே நலம்.

பழுது பார்க்கும் முறையும் வேறு. டியூபுக்குச் சக்கரத்தைக் கழற்றி, நெம்புகோலால் டயரை விலக்கி, டியூபை வெளியே எடுக்க வேண்டும். துளையைச் சுற்றித் தேய்த்து, பசை பூசி, அது சற்றே உலர்ந்த பின் ஒட்டுப் போடுவர். டயருக்குள் துணியால் தடவி, தங்கிய முள்ளை அகற்றுவது முக்கியம். அதனை மறந்தால் மறுநாளே மீண்டும் பஞ்சர்.

டியூப் இல்லாததற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை. சோப்பு நீர் தெளித்துக் குமிழி எழும் இடத்தைக் காணவேண்டும். ஆணியை நீக்கி, அரம் போன்ற ஊசியால் துளையைச் சீராக்கி, பசை தோய்ந்த ரப்பர்த் திரியைச் செருகி, வெளியே நீட்டியதை நறுக்கிவிடுவர். கால் மணி நேரத்தில் வேலை முடியும். குமிழியை நாமே கண்ணால் பார்த்த பிறகே திரி செருக அனுமதிக்க வேண்டும். இல்லாத துளைக்குக் கூலி கொடாதிருக்க இதுவே வழி.

ஆயினும், திரி தரையில் படும் பகுதிக்கே உரியது. பக்கச்சுவர் கிழிந்தால் டயரையே மாற்ற வேண்டும். காற்று முழுதும் இறங்கி விளிம்பு ரிம்மை விட்டு விலகினால், கைப்பம்பால் நிரப்புதல் அரிது; கம்ப்ரசர் உள்ள கடை தேவை. மேலும், கசிவு மெதுவானதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. குறைந்த காற்றுடன் சுமையேற்றி ஓடினால் பக்கச்சுவர் சூடேறிக் கெடும். வாரம் ஒருமுறை காற்றழுத்தம் பார்ப்பது இதனாலேயே அவசியமாகிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். விலைகள் ஊருக்கு ஊர் மாறுமாதலால், பின்வருவது உதாரணக் கணக்கேயாகும். பின்சக்கரத்தில் ஆண்டுக்கு 3 பஞ்சர் என்று கொள்வோம். டியூப் உள்ளதில் இருமுறை ஒட்டுக்கு 100 ரூபாய் வீதம் 200. மூன்றாம் முறை டியூப் கிழிந்து, கூலியுடன் 400. ஆக 600 ரூபாய். டியூப் இல்லாததில் திரிக்கு 120 வீதம் 360 ரூபாய். ஆண்டுக்கு மிச்சம் 240. டயர் விலை 400 ரூபாய் அதிகமாயிருந்து, அது இரண்டாண்டு உழைக்குமாயின், 480 மிச்சமாகி நிகர லாபம் 80 ரூபாயே. எனவே பெரிய லாபம் பணத்திலன்று, நேரத்திலும் பாதுகாப்பிலுமாகும்.

ஆனால் சாதாரண ஆரைக்கம்பிச் சக்கரத்தில் கம்பித் துவாரங்கள் வழியே காற்றுப் போய்விடுமாதலால், டியூப் இல்லாமல் ஓட்டவே முடியாது. அதற்கென வார்ப்புச் சக்கரம் வாங்க 5,000 ரூபாய் ஆகுமெனக் கொண்டால், ஆண்டுக்கு 240 ரூபாய் மிச்சத்தில் அதை மீட்க 20 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். டியூப்லெஸ் டயரை வாங்கி உள்ளே டியூபை வைத்து ஓட்டுவதிலும் பயனில்லை. துளைபட்டால் டியூப் டயரைப் போலவே காற்றிறங்கும்.

ஆகவே, புது வண்டி வாங்குவோர் வார்ப்புச் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் உள்ளதைக் கேட்டு வாங்கலாம். ஆரைக்கம்பிச் சக்கரம் உடையோர் டியூபிலேயே இருந்துகொண்டு, டயர் மாற்றும்போதெல்லாம் டியூபையும் புதிதாக மாற்றுவது நலம். பட்டன் தேய்ந்த டயரில் முள் எளிதில் ஏறுமாதலால், எவ்வகை டயராயினும் தேய்மானக் குறி தெரிந்தவுடன் அதனை மாற்றிவிட வேண்டும்.