மீனாட்சிபுரத்தில் கிடா வெட்டு குற்றம், பொள்ளாச்சியில் இல்லை: ஏன்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில், மீனாட்சிபுரத்தில் கேரளம் தொடங்குகிறது. கோயில் பலி பற்றிய சட்டமும் அங்கேயே மாறிவிடுகிறது.

கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கோயில் வளாகத்தில் ஆடு, கோழி பலியிடக் கூடாது. தமிழ்நாட்டிலும் 1950 முதல் இப்படி ஒரு சட்டம் இருந்தது, பெரும்பாலும் ஏட்டளவில். 2003-ல் ஜெயலலிதா அரசு அதைக் கறாராக அமல்படுத்தச் சொன்னதும் கிராமங்களில் எதிர்ப்பு கிளம்பியது. 2004-ல் சட்டமே ரத்தானது.

கேரளச் சட்டத்தில் 'பலி' என்றால், தெய்வத்தைத் திருப்திப்படுத்தும் நோக்கில் கொல்வது. அதாவது இங்கே பிரச்சினை நோக்கம்தான். அதே ஆட்டைக் கறிக்கடையில் வெட்டினால் இந்தச் சட்டம் தொடாது. 2020-ல் கேரள உயர் நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. மேல்முறையீட்டை விசாரிக்க ஒப்புக்கொண்ட உச்ச நீதிமன்றம் இந்த முரணைச் சுட்டிக்காட்டியது.

சைவ உணவை மேல்சாதிப் பழக்கம் என்று சொல்லி விவாதத்தை முடித்துவிடலாமா? அவ்வளவு எளிதல்ல. திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கே ஆட்டுப் பலி உண்டு. திருக்குறளோ ஆயிரம் வேள்விகளைவிடக் கொல்லாமையை உயர்த்துகிறது. சாதியை மறுத்த வள்ளலார், சிறுதெய்வக் கோயில் பலியையும் எதிர்த்தார்.

பலியிடுபவர்களிடமும் தயக்கம் இல்லாமல் இல்லை. கிடாயின் மேல் தண்ணீர் தெளித்து, அது உடலைச் சிலிர்க்கும் வரை காத்திருப்பார்கள். சிலிர்த்தால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். 'துலுக்கு' கொடுக்கலைன்னா, கத்தி இறங்காது.