‘ஆம்’ என்று சொல்ல வைக்கும் கேள்வி

ஈப்போவில் குடியிருக்கும் முன்னாள் தோட்டப் பாட்டாளிகளிடம் ஒரு கருத்தாய்வு நடத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, சுங்கை சிப்புட் போன்ற வட்டாரங்களிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள் அவை. நம் வினாநிரலில் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது:

“தோட்டத்தை விட்டு வந்த பிறகு உங்கள் வாழ்க்கை முன்னேறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா? ஆம் / இல்லை.”

படிப்பதற்குச் சாதாரணக் கேள்வியாகத்தான் தெரிகிறது. ஆனால், பதில் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

முதல் சிக்கல் ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற சொல். கேட்பவர் ஒரு கருத்தை முன்வைத்துத் தலையாட்டச் சொல்கிறார். படிக்கிற பிள்ளை வீடு தேடி வந்து மரியாதையாகக் கேட்கும்போது, “இல்லை” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல எந்தப் பாட்டிக்கு மனம் வரும்? கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடும் இந்தப் போக்கை ஆய்வாளர்கள் ‘இசைவுச் சாய்வு’ என்பார்கள். ஸ்காட்லாந்தில் இதே சிக்கல் எழுந்தது. ஸ்காட்லாந்து அரசு முதலில் முன்மொழிந்த வாக்கெடுப்புக் கேள்வி, ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்று கேட்டது. பிரிட்டனின் தேர்தல் ஆணையம் அதை மக்களிடம் சோதித்துப் பார்த்து, அந்தச் சொல் ‘ஆம்’ பக்கம் இழுக்கிறது என்று 2013 ஜனவரியில் அறிவித்தது. 2014இல் வாக்குச் சீட்டில் “ஸ்காட்லாந்து ஒரு தனி நாடாக வேண்டுமா?” என்று மட்டுமே இருந்தது.

அப்படியானால் நம் கேள்வியை “உங்கள் வாழ்க்கை முன்னேறியிருக்கிறதா?” என்று சுருக்கினால் போதுமா? போதாது. இன்னும் ஒரு பக்கம் மட்டுமே பேசப்படுகிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா என்று மட்டும் கேட்ட கேள்வியிலும் இதே குறை இருந்தது. ஆணையத்தின் பரிந்துரைப்படி, 2016 வாக்கெடுப்பில் ‘நீடிக்க வேண்டுமா, விலக வேண்டுமா’ என்று இரண்டு பக்கமும் கேள்விக்குள்ளேயே வந்தன. விடைகளும் ‘ஆம், இல்லை’ என்றில்லாமல் ‘நீடிக்க வேண்டும், விலக வேண்டும்’ என்று மாறின. நாமும் அதையே செய்வோம்: “முன்னேறியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா, பின்தங்கியிருக்கிறதா?”

அடுத்தது ‘வாழ்க்கை’ என்ற பெரிய சொல். தோட்டத்தில் சம்பளம் குறைவு. ஆனால் லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. நகரத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி பக்கம். ஆனால் மாதம் பிறந்தால் வாடகை, தண்ணீர், மின்சாரம். ஒருவர் பிள்ளைகளின் படிப்பை நினைத்து ‘முன்னேற்றம்’ என்பார்; இன்னொருவர் செலவை நினைத்து வேறு பதில் சொல்வார். இரண்டையும் கூட்டினால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. எனவே ஒரு கேள்வியில் ஒரு விஷயத்தை மட்டும் கேட்போம்:

“தோட்டத்தில் இருந்த கடைசி ஆண்டோடு ஒப்பிட்டால், வீட்டுச் செலவைச் சமாளிப்பது இப்போது சுலபமா, அதே நிலையா, சிரமமா?” சுலபம் / அதே நிலை / சிரமம் / சொல்லத் தெரியவில்லை.

பள்ளி, வீடு, அண்டை அயலார் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கேள்விகள் வரும்.

விடைகளின் வரிசையும் கவனிக்க வேண்டியது. தாளில் தானே படிப்பவர் முதலில் உள்ள விடையின் பக்கம் சாய்வதுண்டு; நாம் வாசித்துக் காட்டினால், காதில் கடைசியாக விழுந்த விடையே நினைவில் நிற்கும். பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டும் ஆய்வில், பாதிப் பேரிடம் ‘சுலபம்’ முதலிலும், மீதிப் பேரிடம் ‘சிரமம்’ முதலிலும் வரும்படி மாற்றிக் கேட்பது நல்லது. கேள்விக்குள் வரும் வரிசையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

கேள்வி உண்மையிலேயே திருந்திவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு வழிகள் உண்டு. முதலில் ஐந்தாறு பேரிடம் கேட்டுவிட்டு, “இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்”, “ஏன் அந்தப் பதிலைச் சொன்னீர்கள்?” என்று விசாரிக்க வேண்டும். பழைய கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னவரே, அடுத்த மூச்சில் “அங்கே வாடகை இல்லை, இங்கே எல்லாமே காசு” என்று சொன்னால், அந்த ‘ஆம்’ நம் கேள்வி போட்டது. அவர் மனத்திலிருந்து வந்ததல்ல. அடுத்து, பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் இரு குழுக்களிடம் கேட்டு ஒப்பிடலாம். யாருக்கு எந்த வடிவம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்ய வேண்டும். புந்தோங்குக்கு ஒன்று, சுங்கை சிப்புட்டுக்கு ஒன்று என்று பிரித்தால், வேறுபாடு கேள்வியால் வந்ததா, ஊரால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒரு குழுவுக்கு இருபது பேர்தான் என்றால், இரண்டு மூன்று பேரின் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம்.

சொற்களைத் திருத்தினாலும் ஒன்றைத் திருத்த முடியாது. மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது “செலவு சிரமம்” என்று சொல்லத் தாய் தயங்குவார். கேள்வி நடுநிலையாக இருந்தாலும் பதில் சாய்ந்துவிடும். அதனால், அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துக் கேட்பதும் கேள்வியைத் திருத்துவதில் ஒரு பகுதிதான்.