காத்யா எப்போது எக்கத்தெரீனா ஆகிறாள்?

"எக்கத்தெரீனா, வரும்போது ரொட்டி வாங்கி வா."

மாஸ்கோவில் ஒரு கணவன், வேலையில் இருக்கும் மனைவிக்கு இப்படி ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அவளுடைய முழுப்பெயர் அதுதான். பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அவள் ரொட்டியைப் பற்றி யோசிக்கமாட்டாள். காலையில் போட்ட சண்டை அவன் மனதில் இன்னும் ஆறவில்லை என்று அந்த முதல் சொல்லிலேயே புரிந்துகொள்வாள். மற்ற நாட்களில் அவன் எழுதுவது 'காத்யா' என்றுதான்.

ரஷ்ய மொழியில் ஒருவருக்கு ஒரு பெயர் இருப்பதில்லை, ஒரு பெயர்க் குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்பத்திலிருந்து யாரை முன்னால் அனுப்புகிறோம் என்பதிலேயே பாதிச் செய்தி முடிந்துவிடும்.

அது எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். முதலில் முழுப்பெயர் வெட்டப்பட்டுச் சிறிதாகிறது. எக்கத்தெரீனா காத்யா ஆகிறாள். மரீயா மாஷா ஆகிறாள், இவான் வான்யா ஆகிறான், திமீத்ரி தீமா ஆகிறான். இந்தக் குறும்பெயர்களில் தனிப்பட்ட கொஞ்சல் எதுவும் இல்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். அவை நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் வகுப்புத் தோழர்களுக்கும் இடையே புழங்கும் சாதாரணப் பெயர்கள். ஆண்களின் குறும்பெயர்களும் பெரும்பாலும் 'ஆ' ஓசையில் முடிவதால் மீஷா, வான்யா, கோல்யா எல்லாம் நமக்குப் பெண் பெயராகத் தோன்றும். சாஷா என்பது அலெக்சாந்தர் என்ற ஆணாகவும் இருக்கலாம், அலெக்சாந்த்ரா என்ற பெண்ணாகவும் இருக்கலாம்.

அடுத்த படியில், இந்தக் குறும்பெயரின் அடியோடு ஒரு விகுதி ஒட்டுகிறது. '-என்கா' ஒட்டினால் காத்யென்கா. இது குழந்தையைத் தொட்டிலில் போட்டு அழைப்பது போன்ற மென்மையான கொஞ்சல். '-யூஷா' ஒட்டினால் காத்யூஷா. இதிலும் அன்பு உண்டு, ஆனால் அந்த அளவுக்குக் குழைவு இல்லை. வெறும் '-கா' ஒட்டினால் காத்கா. இங்கேதான் சிக்கல். வீட்டு எஜமானி வேலைக்காரப் பெண்ணை அப்படிக் கூப்பிட்டால் அதில் இளக்காரம் இருக்கிறது. கோபத்தில் அம்மா கூப்பிட்டால் திட்டு. பள்ளித் தோழி கூப்பிட்டாலோ அது உரிமை: நமக்குள் மரியாதை எதற்கு, கொஞ்சல்தான் எதற்கு என்று சொல்கிற உரிமை.

இந்த மூன்று விகுதிகளுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த இலக்கண நூலைவிடவும் தெளிவாகக் காட்டியவர் டால்ஸ்டாய். தமிழில் 'புத்துயிர்ப்பு' என்று வந்திருக்கும் அவருடைய நாவல் ரஷ்ய மொழியில் 1899-இல் வெளியானது. அதன் நாயகி மாஸ்லொவா, மணமாகாத பண்ணைவேலைக்காரி ஒருத்தியின் மகள். நிலச்சுவான்தார்களான இரண்டு சகோதரிகள் அவளை எடுத்து வளர்க்கிறார்கள். ஒருத்தி அவளை மகள்போல வளர்க்க நினைக்கிறாள், இன்னொருத்தி நல்ல வேலைக்காரியாக்க நினைக்கிறாள். பெண் பாதி வளர்ப்புமகளாகவும் பாதி பணிப்பெண்ணாகவும் வளர்கிறாள். அதனால்தான் அவளைக் காத்கா என்றும் அழைக்காமல், காத்யென்கா என்றும் அழைக்காமல், இடைப்பட்ட பெயராகக் காத்யூஷா என்று அழைத்தார்கள் என்கிறார் டால்ஸ்டாய். வீட்டில் அவளுக்கு எந்த இடம் என்பது அந்த விகுதியிலேயே எழுதியிருக்கிறது.

பிறகு அவள் வாழ்க்கை சரிந்து விபசார விடுதியில் சேரும்போது பெயரும் சரிகிறது. அங்கே அவள் லூப்கா, மறுபடியும் அந்த '-கா'. பல ஆண்டுகள் கழித்து, அவளைக் கெடுத்துக் கைவிட்ட நெஹ்லூதொவ் சிறையில் அவளைப் பார்க்க வருகிறான். பேச்சைத் தொடங்கியவன் பாதி வாக்கியத்தில் திணறுகிறான். 'நீ' என்பதா, 'நீங்கள்' என்பதா? கடைசியில் 'நீங்கள்' என்றே சொல்கிறான். மொழிபெயர்ப்பில் ரஷ்ய நாவல்களைப் படித்து, ஒரே ஆள் பக்கத்துக்குப் பக்கம் பெயர் மாறுகிறாரே என்று எரிச்சல்பட்ட தமிழ் வாசகர் பலர் உண்டு. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை கதையின் நிகழ்வுகளேதான்.

'-கா'வுக்கு இளக்காரம் ஒட்டியதற்கு வரலாறும் ஒரு காரணம். பழைய மாஸ்கோ அரசில் ஜாருக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் தங்களைத் தாழ்த்திக்கொண்டு எழுதவேண்டும். இவான் என்ற பிரபுகூட 'தங்கள் அடிமை இவாஷ்கா' என்றே கையெழுத்திடுவார். இதற்கு அரைப்பெயர் என்று பெயர். 1701-இன் இறுதியில் மகா பீட்டர் ஆணை பிறப்பித்து, விண்ணப்பங்களில் அரைப்பெயர் கூடாது, முழுப்பெயரே எழுதவேண்டும் என்றார். காகிதத்திலிருந்து அரைப்பெயர் போயிற்று. வாய்மொழியில் மட்டும் மேலிருந்து கீழ்நோக்கிக் கூப்பிடுகிற ஓசையாக அது தங்கிவிட்டது.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். ரஷ்யர்களின் பெயரில் நடுவே தந்தை வழிப் பெயர் ஒன்று வரும். அப்பா செர்கேய் என்றால் மகள் செர்கேயெவ்னா, மகன் செர்கேயெவிச். முழுப்பெயரோடு இதையும் சேர்த்து 'எக்கத்தெரீனா செர்கேயெவ்னா' என்றால்தான் முறையான மரியாதை. மாணவர்கள் ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள், நோயாளி மருத்துவரை அப்படித்தான் அழைப்பார். இதோடு 'நீங்கள்' என்பது தானாக வரும். ஒருவரையே குறிக்கிற 'நீங்கள்' என்ற சொல்லைக் கடிதத்தில் பெரிய எழுத்தில் தொடங்குவது இன்னும் கூடுதல் மரியாதை. அண்மைக் காலமாக நிறுவனங்களில் தந்தை பெயரை விட்டுவிட்டு 'எக்கத்தெரீனா, நீங்கள்' என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. வயதில் மூத்தவர்கள் சிலருக்கு அது காதில் மொட்டையாக ஒலிக்கும்.

தந்தை பெயரை மட்டும் தனியே சொன்னால் கதை வேறு. 'பெத்ரோவிச், வா' என்றால் அது பட்டறையிலும் கிராமத்திலும் மூத்த ஆள் ஒருவரை மரியாதையும் நெருக்கமும் கலந்து கூப்பிடுவது. லெனினை மக்கள் 'இலீச்' என்று சொன்னது இந்த முறையில்தான்.

இப்போது நம் காத்யாவின் கைப்பேசிக்குத் திரும்புவோம். ஒரே நாளில் அவளுக்கு ஐந்து செய்திகள் வருகின்றன. "காத்யூஷா, சாப்பிட்டாயா?" என்பது அம்மா. "காத்கா, நேற்று என்ன ஆயிற்று தெரியுமா!" என்பது பள்ளித் தோழி. "எக்கத்தெரீனா செர்கேயெவ்னா, உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது" என்பது வங்கி. "காத்ய், எங்கே இருக்கிறாய்?" என்பது தங்கை. காத்யாவின் கடைசி ஓசையைக் கத்தரித்த இந்தக் 'காத்ய்' கூப்பிடுவதற்கு மட்டுமே பயன்படும். "காத்ய் வந்தாள்" என்று சொல்லமுடியாது. மாஷாவை மாஷ், அம்மாவைக் குறிக்கும் மாமாவை மாம் என்று கூப்பிடுவதும் இதே வகை. பெரும்பாலும் குறும்பெயரையும் மாமா போன்ற உறவுச் சொற்களையும்தான் இப்படி வெட்டுவார்கள். அதனால் இந்த வெட்டிலேயே வீட்டு வாசனை இருக்கிறது.

ஐந்தாவது செய்தி அவளுடைய மேலாளரிடமிருந்து: "காத்யென்கா, அந்த அறிக்கையை அனுப்பிவிடுங்கள்." விகுதிகளிலேயே மிகக் கனிவானது இதுதான். ஆனால் ஐந்தில் அவளுக்கு முகம் சுளிக்கவைப்பதும் இதுதான். அம்மாவோ பாட்டியோ சொல்லவேண்டிய பெயரை மேலாளர் எடுத்துக்கொண்டார். அது அவளைச் சின்னப் பெண்ணாக்கிவிடுகிறது. அதே மேலாளர் பக்கத்து மேசைக்காரரை 'வானெச்கா' என்று கொஞ்சுவதில்லை, 'இவான் பெத்ரோவிச்' என்றுதான் எழுதுகிறார். இது அவள் கண்ணில் படாமல் போகாது.

ஆக, எந்த விகுதிக்கும் நிலையான வெப்பநிலை கிடையாது. காத்கா சூடாகவும் இருக்கும், காத்யென்கா குளிராகவும் இருக்கும். அன்பா விலகலா என்பதை அறிய இரண்டைப் பார்க்கவேண்டும். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா என்பது ஒன்று. வழக்கமாக அவர் சொல்லும் பெயரிலிருந்து இன்று எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறார் என்பது மற்றொன்று. கணவனின் 'எக்கத்தெரீனா' சுட்டது இரண்டாவது காரணத்தால். மேலாளரின் 'காத்யென்கா' கசந்தது முதல் காரணத்தால்.

இந்த விகுதிகள் ஆட்களோடு நிற்பதில்லை, பொருள்களுக்கும் ஒட்டும். கேள்விக்கு ரஷ்ய மொழியில் 'வொப்ரோஸ்'. செய்தியில் ஒருவர் "ஒரு வொப்ரோசிக் இருக்கிறது" என்று எழுதினால், ஒரு குட்டிக் கேள்வி, உங்களுக்குச் சிரமம் தரமாட்டேன் என்று பொருள். காக்கச் சொல்லும்போது நிமிடம் 'மினூதொச்கா' என்று குட்டி நிமிடமாகிறது. அந்தக் குட்டி நிமிடம் கால்மணி நேரம் நீளலாம். கேட்கிறவர் தன் தொந்தரவைச் சிறிதாக்கிக் காட்டும் உத்தி இது. ஒரு செய்தியில் ஒன்று இருந்தால் இதமாக இருக்கும். குட்டி ஒப்பந்தம், குட்டிப் பணம், குட்டிக் கையெழுத்து என்று வரிசையாக வந்தால், எதையோ விற்கப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

ரஷ்யர்களுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் வெளியாருக்கு எளிய வழி ஒன்று உண்டு. கடிதத்தின் அடியில் இருக்கும் கையெழுத்தைப் பார்க்கவேண்டும். 'காத்யா' என்று முடித்திருந்தால் அப்படியே அழைக்கலாம். 'எக்கத்தெரீனா' என்றிருந்தால் அதையே எழுதி 'நீங்கள்' சேர்க்கவேண்டும். தந்தை பெயரும் இருந்தால் நாமும் அதை விடக்கூடாது. காத்யென்காவையும் காத்காவையும் நாமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. தன்னை எந்தத் தொலைவில் நிறுத்தவேண்டும் என்பதை ஒருவர் கையெழுத்தில்தான் சொல்கிறார்.

1886-இல் செகாவ் எழுதிய ஒரு சிறுகதையில் மாஸ்கோ செருப்புத் தொழிலாளி ஒருவரிடம் வேலை பழக விடப்பட்ட ஒன்பது வயதுப் பையன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, தன்னை அழைத்துப் போகும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். தாத்தாவைச் செல்லச் சொல்லால் கூப்பிட்டு, கூடவே பெயரையும் தந்தை பெயரையும் எழுதுகிறான். ஒரே வரியில் பாசமும் மரியாதையும் இருக்கின்றன. அந்தக் '-கா' விகுதியோடு வான்கா என்பதுதான் கதைக்குத் தலைப்பு, கதைசொல்லியும் கடைசிவரை அவனை அப்படியே அழைக்கிறார். அடி வாங்கும் கடைப் பையனுக்கு உரிய பெயர் அது. கடிதத்தின் முடிவில் அவன் போடும் கையெழுத்து மட்டும் வேறு. உன் பேரன் இவான் ஷூக்கொவ் என்று முழுப்பெயரை எழுதுகிறான்.