மூன்று லட்சம் போட்டால் எத்தனை குடும்பம் வரும்?

ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு மரச்செக்கு ஆலை. தீபாவளிக்கு முன் கோயம்புத்தூரில் கடலை எண்ணெய்க்குப் புது வாடிக்கையாளர்களைப் பிடிக்க 3 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டம் போட்டுக் காட்டுபவர்கள் பெரும்பாலும் விளம்பர வாசகத்தில் தொடங்குவார்கள். முதலாளி கேட்கப்போவதோ போட்ட பணம் திரும்புமா என்பதைத்தான். அந்தக் கணக்குதான் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

5 லிட்டர் டின் ஒன்றில் செலவு போக 200 ரூபாய் நிற்கிறது என்றால், 1,500 புதுக் குடும்பங்கள் ஆளுக்கு ஒரு டின் வாங்கினால்தான் முதல் தேறும். ஒரு குடும்பத்தைக் கொண்டுவர 200 ரூபாய்க்கு மேல் செலவானால், அவர்கள் திரும்பவும் வாங்கினால்தான் லாபம்.

அடுத்தது, யாருக்கு விற்கிறோம் என்பது. '25 முதல் 50 வயதுப் பெண்கள்' என்று எழுதுவதால் எந்த முடிவும் எடுக்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், இப்போது பாக்கெட் எண்ணெய் வாங்குபவர்கள், 'செக்கு எண்ணெய்' என்று விற்பதில் கலப்படம் இருக்குமோ என்று தயங்குபவர்கள் என்று எழுதிப் பாருங்கள். வழி தானாகத் தெரியும். தயக்கம் தீர அவர்கள் எண்ணெயை முகர்ந்து பார்க்க வேண்டும். அதனால் குடியிருப்புகளில் வார இறுதி ஸ்டால்களுக்கு 1,20,000 ரூபாய். நாளிதழோடு செருகும் நோட்டீஸுக்கு 75,000. அதே பகுதிகளில் மட்டும் தெரியும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 60,000. மீதி 45,000 ரூபாயைத் தொடாமல் வைக்க வேண்டும். எது வேலை செய்கிறது என்று தெரிந்தபின் அங்கே போட.

பலர் சறுக்குவது அளவிடுவதில்தான். பலகாரக் காலத்தில் விளம்பரம் இல்லாமலே எண்ணெய் விற்பனை ஏறும். அந்த ஏற்றம் முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதினால் அது பொய்க்கணக்கு. ஆலையின் எண்ணெய் திருப்பூரிலும் விற்கிறது என்றால், அங்கே விளம்பரம் செய்யாமல் விட்டுவிடலாம். போன தீபாவளியைவிட திருப்பூரில் 20 சதவீதமும் கோவையில் 50 சதவீதமும் கூடினால், விளம்பரத்தால் வந்தது ஏறக்குறைய 30 சதவீதம்தான். இரண்டு ஊர்களின் போக்கும் முன்பு ஒன்றுபோல இருந்திருந்தால்தான் இந்த ஒப்பீடு நிற்கும்.

ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி கூப்பன் எண் தேவை. கூப்பனோடு வருபவர் பழைய வாடிக்கையாளராகவும் இருக்கலாம் என்பதால், செல்பேசி எண்ணைப் பழைய பில்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும். லைக்குகள் எத்தனை விழுந்தாலும் இந்தக் கணக்கில் சேராது.

இரண்டாவது வார முடிவில், நோட்டீஸுக்குச் செலவான 37,500 ரூபாய்க்கு 100 புதுக் குடும்பங்களும், ஸ்டாலுக்குச் செலவான 60,000 ரூபாய்க்கு 400 குடும்பங்களும் வந்திருந்தால், தலைக்கு 375 ரூபாயும் 150 ரூபாயும் ஆகின்றன. நோட்டீஸை நிறுத்தி, மிச்சப் பணத்தை இன்னும் போகாத குடியிருப்புகளுக்குத் திருப்பலாம். இந்த விதியைப் பணம் கேட்கும் நாளிலேயே திட்டத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். தீபாவளி முடிந்து இரண்டு மாதம் கழித்து, அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் இரண்டாவது டின் வாங்கினார்கள் என்று பார்க்கும் தேதியையும் அதிலேயே குறித்துவிட வேண்டும்.