எந்த மூட்டை, எந்த நாள்? மூலப்பொருள் பதிவேட்டின் பயன்

2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனை நிறுத்தப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதில் சேர்க்கப்பட்ட ஏலக்காயின் மாதிரி திருவனந்தபுரம் அரசு ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டபோது, பூச்சிக்கொல்லி எச்சங்கள் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பதாக அறிக்கை வந்தது. அந்த ஏலக்காய் கலந்த அரவணையை விற்கலாகாது என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சுமார் 6.65 லட்சம் டின்கள் முடங்கின. ஏலக்காய் சேர்க்காத அரவணை தயாரிக்கப்பட்டு, விற்பனை மீண்டும் தொடங்கியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. எனினும் முடங்கிய டின்கள் அதற்குள் காலம் கடந்துவிட்டன.

வழக்கின் முடிவு எதுவாயினும், உணவுத் தொழில் செய்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாயசத்தில் ஏலக்காயின் பங்கு மிகச் சிறிது. ஆயினும் சிறிதளவே சேர்க்கப்படும் பொருள்தான் மிகுதியான சரக்கில் பரவுகிறது. அது எந்தெந்த நாள் தயாரிப்பில் சேர்ந்தது என்று காட்ட முடிந்தால், அந்த நாள்களின் சரக்கை மட்டும் விலக்கலாம். காட்ட முடியாவிட்டால் அனைத்தையும் விலக்க நேரும்.

இதைச் சிறிய அளவில் ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சாலைக் கடைவீதியில் மிளகாய்த்தூள் வாங்கி மிக்சர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நாளொன்றுக்கு 40 கிலோ மிக்சர். அதற்கு அரைக் கிலோ மிளகாய்த்தூள். 10 கிலோப் பை ஒன்று வந்ததும், வந்த தேதி, விற்றவர் பெயர், பில் எண், பையில் அச்சிட்ட பேட்ச் எண், காலாவதித் தேதி, எடை ஆகியவற்றை வரவுப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பையின் மீது 17 என்று தங்கள் சொந்த எண்ணையும் பெரிதாக எழுதிவிடுகிறார்கள். தயாரிப்புப் பதிவேட்டில், இன்றைய மிக்சருக்கு 17-ஆம் பையிலிருந்து அரைக் கிலோ என்று குறிக்கிறார்கள். அனுப்புகைப் பதிவேட்டில், எந்த நாள் மிக்சர் எந்தக் கடைக்குச் சென்றது என்பது இருக்கும்.

அந்தப் பேட்ச் மாசுபட்டது என்று 12 நாள்கள் கழித்துச் செய்தி வருகிறது. 6 கிலோ செலவாகி, 4 கிலோ மீதம் இருக்க வேண்டும். பையை நிறுத்துப் பார்த்தால் 4 கிலோ இருக்கிறது. பதிவேடு உண்மை சொல்கிறது. 12 நாள் மிக்சர் 480 கிலோ, அதாவது 200 கிராம் பொட்டலங்கள் 2,400. அவற்றில் கிடங்கில் உள்ளவை எத்தனை, எந்தெந்தக் கடைகளில் உள்ளவை எத்தனை என்று அனுப்புகைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அன்றே திரும்பப் பெறலாம். பை எண் எழுதப்படவில்லை என்றால், சந்தையில் உள்ள ஒரு மாதச் சரக்கு முழுவதையும், அதாவது 6,000 பொட்டலங்களையும், சந்தேகிக்க வேண்டியதாகும்.

பதிவேடு பொய்த்துப்போவது பெரும்பாலும் டப்பாவில்தான். பழைய தூள் மீதமிருக்கும்போதே அதன் மேல் புதிய பையைக் கொட்டினால், இரு பேட்ச்களும் ஒன்றாகிவிடும். டப்பா முழுவதும் காலியாகிக் கழுவப்படும் வரை மாசு தொடரும். அதைக் காலி செய்த பின்னரே அடுத்த பையைப் பிரிக்க வேண்டும். உடைந்த மிக்சரை மறுநாள் சரக்கில் கலப்பதும் இத்தகையதே; கலந்தால் அதையும் எழுத வேண்டும். மொத்த வணிகர் பெரிய மூட்டையைப் பிரித்து எண்ணில்லாத உறையில் தந்தால், மூல மூட்டையின் பேட்ச் எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரக் கேட்பது நலம். பில் தேதி வாங்கிய நாளை மட்டுமே காட்டும்; அது பேட்ச் எண்ணுக்கு ஈடாகாது.

பாதுகாப்பற்றது எனத் தெரிந்த உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும் நடவடிக்கையைத் தயாரிப்பாளரே தொடங்க வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. பதிவேடுகளை ஓராண்டு அல்லது பொருளின் பயன்பாட்டுக் காலம், இவற்றில் எது நீண்டதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்பது உரிம விதி.

நடைமுறை மூலதனக் கடன் பெற்றவர்கள் மாதந்தோறும் வங்கிக்கு அளிக்கும் சரக்கு அறிக்கை, அளவையும் மதிப்பையும் காட்டும்; பேட்ச் எண்ணைக் காட்டாது. எனவே அது இந்தப் பதிவேட்டுக்கு மாற்றாகாது. மேலும், பதிவேடு மாசைக் கண்டுபிடிக்காது. அதற்கு ஆய்வகம் வேண்டும். மாசு எதுவரை பரவியது என்பதற்கு எல்லை வகுப்பதே பதிவேட்டின் வேலை.

உங்கள் பதிவேடு அந்த வேலையைச் செய்யுமா என்று அறிய எளிய சோதனை உண்டு. சென்ற மாதம் வந்த ஒரு பையின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது சேர்ந்த பொட்டலங்கள் இன்று எந்தெந்தக் கடைகளில் உள்ளன என்று பதிவேடுகளை மட்டும் பார்த்து எழுதுங்கள். செலவும் மீதியும் கூடி வரவுக்குச் சமமாகவில்லை என்றால், எந்த நாளில் கணக்கு அறுந்தது என்று தேடுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுவே.